வீட்டுக்கடன் தவணை அட்டவணை: இஎம்ஐயில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் 15,506 ரூபாய் கட்டுகிறேன். அதில் நாலாயிரம்கூட அசலில் கழியவில்லை. முதல் சில ஆண்டுகள் வங்கி வட்டியை மட்டும் சுருட்டிக்கொள்கிறதா?

அப்படி இல்லை. அந்தந்த மாதம் நிலுவையில் நிற்கும் தொகைக்கு அந்த மாதத்து வட்டி எவ்வளவோ, அது மட்டுமே எடுக்கப்படுகிறது. மீதி முழுவதும் அசலுக்குப் போகிறது. ஆரம்பத்தில் நிலுவை பெரிது என்பதால் வட்டியும் பெரிது. வேறு சூட்சுமம் எதுவும் இல்லை.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே கடனைத்தான் எடுத்துக்கொள்ளப்போகிறேன். 2021இன் தொடக்கத்தில், 7 சதவீத வட்டிக்கு, 20 ஆண்டுகளில் அடைப்பதாக வாங்கிய 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன். வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் விகிதமான ரெப்போ விகிதத்தோடு சேர்ந்து மாறக்கூடியது. இதற்கு மாதத் தவணை 15,506 ரூபாய்.

முதல் மாதக் கணக்கைக் கையாலேயே போடலாம். 20 லட்சத்துக்கு ஓர் ஆண்டு வட்டி 1,40,000 ரூபாய். அதை 12ஆல் வகுத்தால் 11,667. கட்டிய 15,506இல் இது போக 3,839 ரூபாய் அசலில் கழிகிறது. இப்போது நிலுவை 19,96,161. அடுத்த மாதம் வட்டி கணக்கிடப்படுவது இந்தத் தொகைக்குத்தான்.

| தவணை | வட்டி | அசல் | மீதி நிலுவை |
|---|---|---|---|
| 1 | 11,667 | 3,839 | 19,96,161 |
| 2 | 11,644 | 3,862 | 19,92,299 |
| 3 | 11,622 | 3,884 | 19,88,415 |
| 4 | 11,599 | 3,907 | 19,84,508 |

வட்டிப் பத்தியில் மாதம் 20, 25 ரூபாய் குறைகிறது. அசல் பத்தியில் அதே அளவு கூடுகிறது. முதல் ஆண்டு முடியும்போது நீங்கள் கட்டியிருப்பது 1,86,072 ரூபாய். அதில் அசலில் கழிந்தது ஏறத்தாழ 47,600 மட்டுமே. பார்க்க வேதனையாக இருந்தாலும் கணக்கு நேர்மையானது.

அந்த 15,506 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

240 மாதங்களும் ஒரே தொகையைக் கட்டி, கடைசி மாதத்தில் நிலுவை சரியாகப் பூஜ்யமாக வேண்டும். அதற்குப் பொருந்தும் எண் ஒன்றே ஒன்றுதான். அதைத் தரும் சூத்திரம் இது:

```
EMI = P × r × (1+r)^n / ((1+r)^n − 1)
```

P என்பது கடன் தொகை, r என்பது மாத வட்டி (7 சதவீதத்தை 12ஆல் வகுத்தது), n என்பது மாதங்களின் எண்ணிக்கை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சூத்திரம் 240 மாதமும் வட்டி 7 சதவீதமாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. கடன் வாங்கும்போது கையில் தரப்படும் அட்டவணையும் அப்படியே. மாறும் வட்டிக் கடனில் அந்தத் தாள் முதல் வட்டி மாற்றம் வரைதான் செல்லும்.

எந்த மாதத்திலிருந்து வட்டியைவிட அசல் அதிகமாகக் கழியும்?

7 சதவீதம் மாறாமல் இருந்தால் 122வது தவணையில். அதாவது பத்து ஆண்டுகளைத் தாண்டிய பிறகு. பத்தாம் ஆண்டு முடிவில் நிலுவை சுமார் 13.35 லட்சம் இருக்கும். பாதிக் காலம் ஓடியிருக்கும், ஆனால் கடனில் மூன்றில் ஒரு பங்குதான் தீர்ந்திருக்கும். நிலுவை பத்து லட்சத்துக்குக் கீழே இறங்க 159வது தவணை வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டை இடையில் விற்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது. ‘பத்து வருடம் கட்டியாயிற்று, பாதிக்கு மேல் முடிந்திருக்கும்’ என்ற நினைப்பில் விலை பேச உட்காருபவர்கள் நிறைய.

அட்டவணையில் இரண்டாம் மாத வட்டி 11,644. வங்கிக் கணக்கு விவரத்தில் 11,868 என்று இருக்கிறது. எது சரி?

பெரும்பாலும் இரண்டுமே சரி. அட்டவணை ஆண்டைச் சமமான 12 மாதங்களாக வெட்டுகிறது. பல வங்கிகளோ நாள்கணக்கில் வட்டி போடுகின்றன. 19,96,161 ரூபாய்க்கு 7 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி சுமார் 382 ரூபாய் 83 காசு. 31 நாள் மாதத்தில் அது 11,868 ஆகிறது, 30 நாள் மாதத்தில் 11,485, பிப்ரவரியில் 10,719. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

ஆகவே மாதத்துக்கு இருநூறு முந்நூறு வித்தியாசத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வித்தியாசம் எல்லா மாதமும் ஒரே பக்கமாக, வட்டி கூடும் பக்கமாகவே வந்தால்தான் விசாரிக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: வட்டி விகிதம் மாறியிருக்கும், அல்லது காப்பீட்டுத் தொகையோ தாமதக் கட்டணமோ கடன் கணக்கில் பற்று வைக்கப்பட்டிருக்கும்.

வட்டி ஏறியது என்றார்கள், ஆனால் இஎம்ஐ கூடவில்லை. நிம்மதியாக இருந்தேன். இப்போது பார்த்தால், 18 ஆண்டு பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் 37 ஆண்டு என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. ஏறிய வட்டி இஎம்ஐயில் தெரியாமல் காலத்தில் போய் ஒளிந்துகொண்டது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ரிசர்வ் வங்கி 2022 மே மாதத்தில் ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து ஏற்றத் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் அது 6.5 சதவீதத்தில் வந்து நின்றது. ரெப்போவுக்கு மேல் 3 சதவீதம் என்று ஒப்பந்தம் இருந்த நம் எடுத்துக்காட்டுக் கடனில் வட்டி 7இலிருந்து 9.5 ஆகிறது. உண்மையில் இது படிப்படியாக ஏறியது. கணக்கு எளிதாக விளங்குவதற்காக, 24 தவணைகள் முடிந்ததும் ஒரேயடியாக ஏறியதாக வைத்துக்கொள்வோம். படிப்படியான ஏற்றத்தைச் சேர்த்தால் நிலுவை இன்னும் சற்றுக் கூடுதலாகவே வரும்.

24வது தவணைக்குப் பிறகு நிலுவை 19,01,402 ரூபாய். 9.5 சதவீதத்தில் இதற்கு ஒரு மாத வட்டி 15,053. நீங்கள் கட்டுவது அதே 15,506. அசலுக்கு மிஞ்சுவது 453 ரூபாய். அதற்கு முந்தைய மாதம் ஏறத்தாழ 4,400 ரூபாய் கழிந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது 453.

மாதம் 453 ரூபாயில் தொடங்கி 19 லட்சத்தை அடைக்க எத்தனை மாதம் ஆகும்? 448. அதாவது 37 ஆண்டு 4 மாதம். முன்பு பாக்கி இருந்தது 216 மாதங்கள். இரண்டரை சதவீத ஏற்றம் மீதிக் காலத்தை இரட்டிப்புக்கும் மேல் ஆக்கிவிட்டது.

பெரும்பாலான வங்கிகளில் கடன்தாரரின் வயதுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதனால் 37 ஆண்டு வரை அப்படியே விடமாட்டார்கள். அந்த வரம்பு வரை காலத்தை நீட்டிவிட்டு, மீதிச் சுமையை இஎம்ஐயில் ஏற்றுவார்கள். எப்படியானாலும், இஎம்ஐ மாறவில்லை என்பது நல்ல செய்தி ஆகாது. அட்டவணையில் நீங்கள் பார்க்க வேண்டியது அசல் பத்தியை. அது முந்தைய மாதத்தைவிடத் திடீரென்று சுருங்கியிருந்தால் காலம் நீண்டுவிட்டது என்று பொருள்.

காலத்தை நீட்டாமல், பழைய 18 ஆண்டுக்குள்ளேயே முடிக்க வேண்டுமானால் எவ்வளவு கட்ட வேண்டும்?

மாதம் 18,404 ரூபாய். பழைய தவணையைவிட 2,898 ரூபாய் கூடுதல். அந்தக் கணக்கில் 216 மாதங்களில் கட்டும் மொத்தத் தொகை 39.75 லட்சம். இஎம்ஐயை மாற்றாமல் 448 மாதம் கட்டினால் மொத்தம் 69.47 லட்சம். இடையில் இருப்பது ஏறத்தாழ 29.7 லட்சம் ரூபாய்.

எல்லோராலும் உடனே மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே நிற்கலாம். மாதம் சுமார் 1,100 ரூபாய் மட்டும் கூட்டி 16,613 கட்டினால் மீதிக் காலம் 300 மாதங்களாகிறது. 448இலிருந்து 300. ஆயிரத்து நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு ஆண்டுகள் குறைகின்றன. அசலுக்கு 453 ரூபாய்தான் போய்க்கொண்டிருந்தது என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் முழுமையாக அசலில் போய்ச் சேருகிறது. அதனால்தான் இத்தனை பெரிய வேறுபாடு.

இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதை வங்கி தானாக முடிவு செய்யலாமா?

கடன்தாரரிடம் கேட்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. வட்டி மாறும்போது அதனால் இஎம்ஐக்கோ காலத்துக்கோ என்ன ஆகும் என்பதைக் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். இஎம்ஐயைக் கூட்டுவது, காலத்தை நீட்டுவது, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வது என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். கடனைப் பகுதியாகவோ முழுவதுமாகவோ முன்கூட்டியே அடைக்கவும் வழி இருக்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாறிக்கொள்ளும் வாய்ப்பையும் அந்தச் சுற்றறிக்கை கட்டாயமாக்கியிருந்தது, ஆனால் 2025 அக்டோபர் முதல் அதைத் தருவது வங்கியின் விருப்பம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கடன்களுக்கும் இது பொருந்தும்.

அதே சுற்றறிக்கைப்படி ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் ஓர் அறிக்கை உங்களுக்குக் கிடைக்க வேண்டும். இதுவரை வசூலான அசல், வட்டி, இப்போதைய இஎம்ஐ, பாக்கி இருக்கும் தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவை அதில் இருக்கும். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ‘பாக்கித் தவணைகள்’ என்ற ஒற்றை எண்ணை மட்டும் சென்ற காலாண்டு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். மூன்று மாதத்தில் மூன்று குறைந்திருக்க வேண்டும். குறையாமல் இருந்தாலோ, கூடியிருந்தாலோ அன்றைக்கே கிளைக்கு எழுதிக் கேளுங்கள்.

தவறாமல் கட்டிவந்தும் நிலுவை கூடிக்கொண்டே போவது சாத்தியமா?

கணக்குப்படி சாத்தியம். நம் கடனில் 19,01,402 நிலுவை இருக்கும்போது வட்டி 9.5இலிருந்து 9.8 ஆக ஏறினால் ஒரு மாத வட்டி 15,528 ஆகிறது. கட்டுவது 15,506. வட்டிக்கே 22 ரூபாய் குறைகிறது, அது நிலுவையில் ஏறுகிறது. அசல் பத்தியில் கழித்தல் குறி விழும். அங்கிருந்து எத்தனை ஆண்டு கட்டினாலும் கடன் தீராது.

காலத்தை நீட்டுவதால் இந்த நிலை வந்துவிடக் கூடாது என்றும் மேலே சொன்ன சுற்றறிக்கை வங்கிகளைக் கட்டுப்படுத்துகிறது. எனவே இந்தப் புள்ளியை நெருங்கும்போது இஎம்ஐ கட்டாயம் கூட்டப்படும். அசல் பத்தியில் சில நூறு ரூபாய் மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்றால் இஎம்ஐ கூடுகிறது என்று வங்கியிடமிருந்து வரும் கடிதத்தை எதிர்பார்த்து வீட்டுச் செலவைத் திட்டமிடுவது நல்லது.

கையில் ஒரு லட்சம் இருக்கிறது. அசலில் கட்டினால் இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லவா, காலத்தைக் குறைக்கச் சொல்லவா?

மாதச் செலவு கழுத்தை நெரிக்கவில்லை என்றால், காலத்தை. என் பதிலில் தயக்கம் இல்லை, கணக்கே அதைச் சொல்கிறது.

அதே கடனில் 7 சதவீதம் மாறவில்லை என்று வைத்து, 12வது தவணை முடிந்ததும் ஒரு லட்சம் கட்டுவதாகக் கொள்வோம். நிலுவை 18,52,422க்கு இறங்குகிறது. இஎம்ஐயை 15,506ஆகவே விட்டால், பாக்கி 228 தவணைக்குப் பதிலாக 205 முழுத் தவணைகளும் ஒரு சிறிய கடைசித் தவணையுமே மிஞ்சும். போட்ட ஒரு லட்சம் போக, மிச்சமாகும் வட்டி சுமார் 2.53 லட்சம்.

காலத்தை அப்படியே விட்டு இஎம்ஐயைக் குறைத்தால், தவணை 14,712 ஆகும். மாதம் 794 ரூபாய் கையில் நிற்கும். ஆனால் மொத்தத்தில் மிச்சமாகும் வட்டி 81,000 ரூபாய் அளவுதான்.

எப்போது கட்டுகிறோம் என்பதும் முக்கியம். அதே ஒரு லட்சத்தைப் பத்தாம் ஆண்டு முடிவில் கட்டி, காலத்தைக் குறைத்தால் மிச்சமாகும் வட்டி 94,000 அளவுக்கு இறங்கிவிடுகிறது. தவிர்க்கப்படுவது அந்த ஒரு லட்சத்துக்கு மீதிக் காலம் முழுவதும் ஏறவிருந்த வட்டி என்பதால், மீதிக் காலம் சுருங்கச் சுருங்க பலனும் சுருங்குகிறது.

தனிநபர்கள் தொழிலுக்காக அல்லாமல் வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. பணம் கட்டும்போது ‘அசலில் பகுதி முன்செலுத்தல், காலம் குறைக்கப்பட வேண்டும்’ என்று எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் சில இடங்களில் அந்தத் தொகையை அடுத்து வரும் தவணைகளுக்கான முன்பணமாக வரவு வைத்துவிடுகிறார்கள். சரியாகச் சேர்ந்ததா என்பதை அடுத்த மாத வட்டி சொல்லிவிடும். 7 சதவீதத்தில் ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 583 ரூபாய். அந்த அளவுக்கு வட்டி குறைந்திருக்க வேண்டும்.

இந்த அட்டவணையை நானே எக்செல்லில் போட முடியுமா?

பத்து நிமிட வேலை. இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்களில் பெரும்பாலானவை வட்டி ஒரே அளவாக இருக்கும் என்று எடுத்துக்கொள்பவை. அதனால் நீங்களே போடுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். A பத்தியில் தவணை எண், B பத்தியில் தொடக்க நிலுவை, C பத்தியில் வட்டி விகிதம், D பத்தியில் இஎம்ஐ. அதன் பிறகு வட்டி, அசல், மீதி ஆகிய மூன்றும் கணக்காகும்:

```
D2: =ROUND(PMT(C2/12,240,-B2),0)
E2: =ROUND(B2*C2/12,0)
F2: =D2-E2
G2: =B2-F2
B3: =G2
C3: =C2
D3: =D2
```

B2இல் 2000000, C2இல் 7% என்று இடுங்கள். E, F, G மூன்றையும் இரண்டாம் வரிசையிலிருந்து கீழே இழுங்கள். B, C, D மூன்றையும் மூன்றாம் வரிசையிலிருந்து இழுங்கள். விகிதத்தை ஒவ்வொரு வரிசையிலும் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 25வது தவணைக்கான வரிசையில் 9.5% என்று மாற்றி எழுதினால், அதற்குக் கீழே உள்ள வரிசைகள் எல்லாம் தாமாக மாறும். அசல் 453க்கு விழுவதை அங்கேயே பார்க்கலாம். 240 வரிசைக்குப் பிறகும் நிலுவை தீராமல் நிற்பதும் தெரியும். கூடுதலாக அசல் கட்டிய மாதத்தில் G பத்தியில் அந்தத் தொகையைக் கழித்துவிடுங்கள்.

கட்டடம் முடியவில்லை, கடனில் பாதிதான் வந்திருக்கிறது. மாதாமாதம் கட்டுகிறேன், ஆனால் நிலுவை குறையவே இல்லையே?

நீங்கள் கட்டுவது ப்ரீ-இஎம்ஐ. வங்கி இதுவரை விடுவித்த தொகைக்கான வட்டி மட்டும் அது. அதில் அசல் எதுவும் கிடையாது, அட்டவணையும் இன்னும் தொடங்கவில்லை. கடன் முழுவதும் விடுவிக்கப்படும் முன்பே முழு இஎம்ஐ கட்டத் தொடங்கச் சில வங்கிகள் அனுமதிக்கின்றன. முடியுமானால் கேட்டுப் பாருங்கள்.

தனியார் நிதி நிறுவனத்தில் 12 சதவீதம் ‘ஃப்ளாட்’ வட்டி என்கிறார்கள். அவர்கள் அட்டவணையில் வட்டி எல்லா மாதமும் ஒன்றாகவே இருக்கிறதே?

அந்தக் கணக்கில் நிலுவை குறைவது வட்டியைத் தொடுவதே இல்லை. ஒரு லட்சம் ரூபாய், மூன்று ஆண்டு, 12 சதவீதம் ஃப்ளாட் என்றால் வட்டி 36,000. அசலோடு சேர்த்து 36ஆல் வகுத்தால் மாதம் 3,778 ரூபாய். கடைசி மாதம் நீங்கள் வைத்திருக்கும் கடன் மூவாயிரத்துக்குக் கீழே, ஆனால் முழு லட்சத்துக்குமான ஆயிரம் ரூபாய் வட்டியை அப்போதும் கட்டுகிறீர்கள். குறையும் நிலுவை முறையில் கணக்கிட்டால் இது 21 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி. வங்கியின் விகிதத்தோடு ஒப்பிட வேண்டிய எண் இந்த 21தான். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கும் சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தையும் தவணை அட்டவணையையும் முக்கியத் தகவல் அறிக்கையில் காட்டுவது கட்டாயம். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசித் தவணை மட்டும் வேறு தொகையாக இருக்கிறதே? அதைக் கட்டியதும் பத்திரம் எப்போது கைக்கு வரும்?

ஒவ்வொரு மாதமும் காசுகளை முழு ரூபாயாக்கியதில் சேர்ந்த வித்தியாசம் கடைசி வரிசையில் சரிசெய்யப்படுகிறது. நாள்கணக்கில் வட்டி போடும் வங்கியில் வித்தியாசம் இன்னும் கூடுதலாக இருக்கலாம். அதனால் அட்டவணையில் உள்ள தொகையைக் கட்டிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கணக்கை முடிக்க வேண்டிய சரியான தொகையை, அது எந்தத் தேதி வரை செல்லும் என்ற குறிப்போடு, வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். சில ரூபாய் பாக்கி நின்றாலும் கணக்கு மூடப்படாது.

கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வில்லங்கத்தில் பதிவான வங்கியின் உரிமையையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியின் தவறால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் வீதம் கடன்தாரருக்கு இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரங்களை வாங்கும்போது, கடன் வாங்கிய நாளில் ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலை எடுத்துப்போய் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.